ஓர் ஈடு இட்லி வேகும் நேரம்

ஹோட்டல் திறப்பு விழாவில் எல்லாவற்றுக்கும் நேரம் குறித்திருப்பார்கள். விடியற்காலையில் கணபதி ஹோமம், அதன்பின் பால் காய்ச்சுவது, குத்துவிளக்கு, ரிப்பன், கல்லாவில் முதல் விற்பனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி உண்டு. முதலாளி பேசும் நாலு வார்த்தைக்கு மட்டும் யாரும் நேரம் குறிப்பதில்லை. “எனக்குப் பேச வராது” என்று தொடங்கி அரை மணி நேரம் போய்விடும் விழாவும் உண்டு. பேசவே மாட்டேன் என்று மேனேஜரிடம் மைக்கைக் கொடுத்துவிடும் முதலாளியும் உண்டு. இரண்டிலும் நஷ்டம் கடைக்குத்தான். அழைத்து வந்த விருந்தினரும் வேலைக்கு வந்த ஊழியரும் ஒரே இடத்தில் நின்று முதலாளியின் வாயைப் பார்க்கும் வாய்ப்பு ஒரு கிளையின் ஆயுளில் அன்று ஒரு நாள்தான் வருகிறது.

அந்தப் பேச்சு எப்படி அமைய வேண்டும் என்று பார்க்க, ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் 26 ஆண்டுகளாக நடக்கும் ஒரு சைவ டிபன் கடை. நாற்பது பேர் உட்காரலாம். இப்போது புதிய பஸ் நிலையத்துக்கு அருகே எண்பது பேர் உட்காரும் கிளை திறக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, அழைப்பு 150 பேருக்கு. ஊழியர் முப்பது பேர். அதில் பத்துப் பேர் பழைய கடையிலிருந்து வந்தவர்கள், மற்றவர்கள் புதியவர்கள். முதலாளி மேடைப் பேச்சாளர் கிடையாது. கல்லாவில் உட்கார்ந்து பழகியவர்.

முதல் கேள்வி, எவ்வளவு நேரம் பேசலாம்? இதற்கு விடை அடுப்பில் இருக்கிறது. ஓர் ஈடு இட்லி வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். முதலாளி மைக்கைப் பிடிக்கும்போது அடுப்பில் ஓர் ஈடு ஏறினால், அவர் முடித்து, விருந்தினர் கை கழுவி இலைக்கு முன் உட்காரும்போது இட்லி இறங்கும். ஆகவே பேச்சு ஆறு ஏழு நிமிடம். நிதானமாகப் பேசினால் அறுநூறு சொல்லுக்கு மேல் போகாது. இந்தக் கணக்கு தவறி இருபத்தைந்து நிமிடம் ஆனால் என்ன நடக்கும் என்பது சரக்கு மாஸ்டருக்குத் தெரியும். இறக்கி வைத்த இட்லி ஓரம் காயும். பொங்கல் இறுகி, மறுபடி வெந்நீரும் நெய்யும் விட்டுக் கிளற வேண்டியிருக்கும். பொரித்த மெதுவடை மொறுமொறுப்பை இழந்து எண்ணெயைக் காட்டும். காலையில் இறக்கிய டிகாஷன் மணம் இறங்கிவிடும். புதுக் கடையின் முதல் வாய் உணவு அந்த நிலையில் இலைக்கு வந்தால், அதற்கு முன் மைக்கில் சொன்ன எதுவும் யார் நினைவிலும் நிற்காது.

அதனால் பேச்சுக்கு முன்பே முதலாளியும் மாஸ்டரும் ஒரு குறிப்பு வைத்துக்கொள்வது நல்லது. முதலாளி எழுந்து நின்றால் இட்லி ஈடு ஏற வேண்டும். அவர் ஊழியரை அறிமுகம் செய்யத் தொடங்கினால் வடை எண்ணெயில் விழ வேண்டும். சிறப்பு விருந்தினர் தாமதமானால்? இது அடிக்கடி நடப்பது. முகூர்த்த நேரத்தில் விளக்கை வீட்டுப் பெரியவர் கையால் ஏற்றிவிட்டு, முதல் பந்தியையும் உட்கார வைத்துவிடலாம். பேச்சு முதல் பந்தி முடிந்த பிறகு நடந்தாலும் குறை இல்லை. பசியோடு நிற்கும் 150 பேரைவிட, சாப்பிட்டுவிட்டுக் காபி டம்ளரோடு நிற்கும் 150 பேர் பொறுமையாகக் கேட்பார்கள்.

எங்கே நின்று பேசுவது என்பதும் சின்ன விஷயமாகத் தோன்றும். புதுக் கூடத்தில் சுவரெல்லாம் டைல்ஸ், முன்பக்கம் கண்ணாடி, தரையெல்லாம் கிரானைட். மைக்கில் பேசினால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு மூன்றாகத் திரும்பி வரும். உள்ளே அடுக்களையின் எக்ஸாஸ்ட் ஃபேன் இரையும். அடுப்பு எரியும்போது அதை நிறுத்தவும் முடியாது. வாசல் பந்தல்தான் சரியான இடம்.

இனி பேச்சுக்கு வருவோம். நம் ஊர் மேடை வழக்கப்படி, தொடக்கத்தில் “அவர்களே, அவர்களே” என்று பெயர் வரிசை போகும். ஹோட்டல் திறப்பு விழாவில் இது ஆபத்து. இருபது பெயரைச் சொன்னால் இருபத்தோராவது ஆள் விடுபட்டிருப்பார், அவர் பெரும்பாலும் பத்து வருஷமாகத் தினமும் காபி குடிக்க வரும் வாடிக்கையாளராக இருப்பார். சிறப்பு விருந்தினர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, மற்றவர்களை அவரவர் கடைக்குச் செய்ததைச் சொல்லி அழைப்பது நல்லது. நம் முதலாளி இப்படித் தொடங்கலாம்:

“எல்லாருக்கும் வணக்கம். கீழவாசல் கடைக்கு விடியக் காலையில் பால் ஊத்துறவங்க, மார்க்கெட்டிலிருந்து வாழை இலையும் காய்கறியும் அனுப்புறவங்க, இந்த இடத்தை நம்பிக் கொடுத்த கட்டட உரிமையாளர், கடன் கொடுத்த பேங்க் ஆளுங்க, ரெண்டு மாசமா எங்க தூசியையும் சத்தத்தையும் பொறுத்துக்கிட்ட பக்கத்துக் கடைக்காரங்க, எல்லாரும் வந்திருக்கீங்க. உங்களில் யார் இல்லாட்டியும் இன்னைக்கு இந்த அடுப்பு எரியாது.”

பக்கத்துக் கடைக்காரரை இப்படி முதல் நிமிடத்திலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கிளை திறந்த மறுநாளே வண்டி நிறுத்துவதில்தான் முதல் தகராறு வரும். அவரை விருந்தினராக அழைத்து, எல்லோர் முன்னும் நன்றி சொல்லிய முதலாளியிடம் அவர் நேரில் வந்து பேசுவார்.

அடுத்தது பழைய கடையின் கதை. இங்கேதான் பேச்சுகள் நீண்டுவிடுகின்றன. பட்ட கஷ்டம் எல்லாம் நெஞ்சில் நிற்பதால் சொல்லத் தோன்றுவது இயல்பு. ஆனால் கேட்பவருக்கு ஒரு காட்சி போதும். ஒரே அடுப்பில் தொடங்கியது, முதல் நாள் மாவு எத்தனை படி அரைத்தது, அன்று தோசை வார்த்தவர் யார், அவர் இன்று எங்கே நிற்கிறார் என்று நான்கு வாக்கியம். கடைசித் தகவல் முக்கியம். அந்த முதல் தோசை மாஸ்டர் இன்றும் இருந்தால் அவரைப் பந்தலுக்கு அழைத்து நிறுத்த வேண்டும். வயதாகி ஊருக்குப் போய்விட்டிருந்தால் அழைப்பிதழோடு நேரில் போய்க் கூட்டிவர வேண்டும். தென்னிந்திய ஹோட்டல் தொழிலின் வரலாறு அடுக்களையிலிருந்து எழுந்து வந்தவர்களின் வரலாறு. உடுப்பிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்த கே. கிருஷ்ணா ராவ், ஹோட்டல் அடுக்களையில் எடுபிடி வேலை செய்து தொழில் கற்றவர். 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். பிறகு அந்தப் பெயர் பல கிளைகளாகப் பரவியது. பந்தலின் ஓரத்தில் நிற்கும் கிளீனர் பையனும் முதலாளி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதற்காகவே இந்தப் பகுதி பேச்சில் இருக்க வேண்டும்.

மூன்றாவது பகுதிதான் பேச்சின் உயிர். ஏன் இந்தக் கிளை என்று சொல்லும்போது, கேட்பவர் மனத்தில் இருக்கும் ஒரு சந்தேகத்துக்கு முதலாளி நேராகப் பதில் சொல்ல வேண்டும். பழைய வாடிக்கையாளர் மனத்தில் ஓடுவது இதுதான்: “நல்ல மாஸ்டரை இங்கே தூக்கிட்டு வந்துட்டா, கீழவாசல் சாம்பார் என்ன ஆகும்?” இந்தப் பயம் நியாயமானது. கிளை திறந்த கடைகள் சறுக்கும்போது பல நேரம் சறுக்குவது பழைய கடைதான். கை பழகிய ஆட்களைப் புதிய இடத்துக்கு அனுப்பிவிட்டு, அங்கே புதியவர்களை நிறுத்துவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவராகக் குறைவார்கள். புதுக் கிளையின் வசூலைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளிக்கு அது தெரியவே நாளாகும். ஆகவே யார் எங்கே என்பதைப் பேச்சிலேயே சொல்லிவிடுவது நேர்மை:

“சரக்கு மாஸ்டர் கீழவாசலில்தான் இருப்பார். அவர்கிட்டப் பதினோரு வருஷம் கூட நின்னு கத்துக்கிட்டவர்தான் இங்கே அடுப்பைப் பார்த்துக்கப் போறார். தோசை மாஸ்டர் ரெண்டு பேரில் ஒருத்தர் அங்கே, ஒருத்தர் இங்கே. நான் காலையில் அங்கே, பதினொரு மணிக்கு மேலே இங்கே.”

இந்த நான்கு வரியில் வாடிக்கையாளருக்கும் பதில் இருக்கிறது, ஊழியருக்கும் இருக்கிறது. பதினோரு வருஷம் உதவியாளராக நின்றவர் இன்று மாஸ்டர் ஆகிறார் என்பதை ஊர் முன்னால் சொல்வது, அவருக்குச் சம்பள உயர்வோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய மரியாதை.

அடுத்து, ருசி பற்றிய வாக்கு. “அதே ருசி, அதே தரம்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். முதல் வாரத்தில் அது முழுதாக முடியாது என்பது அடுக்களையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். காரணங்கள் தெளிவானவை. கீழவாசல் கடையில் மாநகராட்சிக் குடிநீர், புதுக் கிளையில் போர்வெல் என்றால் அதுவே முதல் வித்தியாசம். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் துவரம்பருப்பைச் சீக்கிரம் வேக விடாது. பருப்பு மசியாத சாம்பார் தண்ணீர் வேறு பருப்பு வேறாக நிற்கும். காபியின் ருசியும் தண்ணீரோடு மாறும். மாவும் அப்படித்தான். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று ஒரே கணக்கில் போட்டாலும், மாவு பொங்குவது அறையின் சூட்டைப் பொறுத்தது. பழைய கடையின் அடுக்களை இரவிலும் வெதுவெதுப்பாக இருக்கும். புதுக் கட்டடத்தில் காற்று நன்றாக ஓடும், சூடு தங்காது. அங்கே எட்டு மணி நேரத்தில் பொங்கிய மாவு இங்கே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். தெரியாமல் விடிந்ததும் ஊற்றினால் இட்லி கல்லாக வரும்.

புதுக் கிரைண்டரின் கல்லிலிருந்து பொடி உதிரும். தவிடும் அரிசியும் போட்டு ஓட்டி, அந்த மாவைக் கொட்டி, கழுவி, மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு முறையோடு நிறுத்தினால் சட்னியில் பல்லில் நறநறவென்று படும். தோசைக்கல்லும் பழக வேண்டும். எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்து, காய விட்டு, மறுபடி தடவிப் பல நாள் வார்த்த பிறகுதான் தோசை ஓரம் தானாக எழும். பழகாத கல்லில் முதலில் தோற்பது ரவா தோசை. நீர்த்த மாவு கல்லைப் பிடித்துக்கொண்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் விருந்தினரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இதற்கு ஏற்ற மாதிரி வாக்கைக் கொடுக்க முடியும். நம் முதலாளி சொல்வது இப்படி இருந்தால் போதும்:

“இன்னையிலிருந்து பத்து நாளைக்கு மெனு சின்னதுதான். இட்லி, பொங்கல், வடை, சாதாத் தோசை, காபி. மாவு கீழவாசலில் அரைச்சு இங்கே வருது. இங்கத்த தண்ணியும் கல்லும் எங்க கைக்குப் பழகணும். பழகினதும் ரவா தோசை, அடை எல்லாம் போர்டில் ஏறும். அதுவரைக்கும் கேட்டுட்டு இல்லைன்னு சொன்னா வருத்தப்படாதீங்க.”

இப்படிச் சொல்லும் முதலாளியை யாரும் குறைவாக எண்ண மாட்டார்கள். ‘120 வகை’ என்று போர்டில் எழுதிவிட்டு, முதல் நாளே சப்ளையர் ஒவ்வொரு மேஜையிலும் “அது தீர்ந்துடுச்சு சார்” என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் கடையின் பெயரைக் கெடுக்கும். திட்டு வாங்குவதும் அந்தச் சப்ளையர்தான்.

சுத்தம் பற்றிய வாக்கும் இதே மாதிரிதான். “சமையலறையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்” என்ற வாசகம் திறப்பு விழாக்களில் சர்வசாதாரணமாக வரும். அதைச் செய்து காட்டிய கடைக்குப் பெங்களூரு எம்.டி.ஆர். உதாரணம். 1924இல் தொடங்கிய அந்த உணவகத்தை நடத்திய யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பா போய், அங்கே உணவகங்கள் காட்டிய சுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து தன் கடையின் நடைமுறைகளை மாற்றினார். வாடிக்கையாளர் அடுக்களையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போவது அந்தக் கடையின் அடையாளங்களில் ஒன்றாகவே ஆனது. அப்படி ஒரு வாக்கைக் கொடுக்க வேண்டுமானால், மதியம் ஒன்றரை மணிக்கு, பாத்திரம் குவிந்து கிடக்கும் நேரத்திலும் கதவைத் திறக்கத் தயாராக இருக்க வேண்டும். முடியாது என்றால் முடிந்ததைச் சொல்லலாம். உணவுப் பாதுகாப்பு உரிமம் ஒவ்வொரு கிளைக்கும் தனியாக எடுக்க வேண்டும். அதன் 14 இலக்க எண்ணோடு வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். உணவைக் கையாள்பவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் மருத்துவச் சான்று வேண்டும். “உரிமம் கல்லாவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கு, எங்க ஆளுங்க எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனை முடிஞ்சிருக்கு” என்ற ஒரு வரி, பத்து வரி விளம்பரத்தைவிட வலுவானது.

இப்போது ஊழியர். பேச்சில் அவர்களுக்கு எந்த இடம்? நியூயார்க்கில் 1985இல் யூனியன் ஸ்கொயர் கஃபேயைத் திறந்த டேனி மேயர், தன் இரண்டாவது உணவகமான கிராமர்சி டேவர்னை 1994இல்தான் திறந்தார். தொழிலை விரித்துத் தந்தை திவாலானதைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் அவருக்கு அந்தத் தயக்கம் இருந்தது. 2006இல் எழுதிய புத்தகத்தில் அவர் வைக்கும் வரிசை: முதலில் ஊழியர், அதற்குப் பிறகு விருந்தினர், அப்புறம் சுற்றுப்புற மக்கள், சரக்குக் கொடுப்பவர்கள், கடைசியில் முதலீடு போட்டவர்கள். நம் ஊர் விழாவில் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். ஊழியர் வருவது கடைசி வரியில், “எங்கள் குடும்பம்” என்ற ஒரே சொல்லில்.

குடும்பம் என்று சொல்வதில் தவறு இல்லை. ஆனால் அதைக் கேட்கும் ஊழியர் மனத்தில் வேறு கேள்விகள் இருக்கின்றன. சம்பளம் எந்தத் தேதி? வார விடுமுறை உண்டா? தங்கும் அறையில் எத்தனை பேர்? பழைய கடை ஆட்களுக்கும் எங்களுக்கும் ஒரே விதியா? இவற்றுக்கான பதில்களை விருந்தினர் முன்னால் சொல்லக் கூடாது. முந்தைய நாள் மாலை, அடுக்களையில் எல்லோரையும் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு, முதலாளியே சொல்ல வேண்டும். அதுவும் அவர்களுக்குப் புரியும் மொழியில். இன்று தமிழ்நாட்டு ஹோட்டல்களில் ஒடிசா, பீகார், அசாம், மேற்கு வங்கம், நேபாளம் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள் மேஜை துடைக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், தோசையும் வார்க்கிறார்கள். விழாப் பேச்சு முழுதும் தமிழில் நடக்கும்போது, அவர்கள் கைகட்டி நின்று மற்றவர் கைதட்டும்போது தாங்களும் தட்டுகிறார்கள். அவர்களில் தமிழ் பழகிய ஒருவரை அருகில் வைத்து, முதல் நாள் மாலையே வரி வரியாக இந்தியில் சொல்லச் செய்வது பெரிய வேலை அல்ல. விழாவன்று ஒரே ஒரு வாக்கியமாவது அவர்களுக்குப் புரியும்படி மைக்கில் வர வேண்டும்.

விழாவில் விருந்தினர் முன் செய்ய வேண்டியது அறிமுகம். முப்பது பேரையும் பெயர் சொல்லி நிறுத்தினால் நேரம் போய்விடும். பகுதி பகுதியாக அழைக்கலாம்: அடுக்களையிலிருந்து மாஸ்டரும் உதவியாளர்களும், கூடத்திலிருந்து சூப்பர்வைசரும் சப்ளையர்களும், பிறகு கிளீனர்கள், பார்சல் கவுண்டர், ஸ்டோர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பெயர். கிளீனர்களை விட்டுவிடக் கூடாது. அதோடு, ஊழியர் சார்பில் முதலாளி விருந்தினரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்:

“புது இடம், புது ஆளுங்க. தண்ணி வைக்க மறந்துடுவாங்க, ஒரு மேஜைக்குப் போக வேண்டியது இன்னொரு மேஜைக்குப் போயிடும். கோபம் வந்தா அந்தப் பையனைத் திட்டாதீங்க, கல்லாவில் நான் இருக்கேன், என்கிட்டச் சொல்லுங்க. ஒரு நோட்டு வெச்சிருக்கேன், எழுதிட்டுப் போனாலும் சரி. ராத்திரி கடை அடைச்சதும் நாங்க எல்லாரும் உட்கார்ந்து படிப்போம்.”

இந்த வேண்டுகோள் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. விருந்தினருக்குக் குறை சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. எல்லோர் முன்னும் முதலாளி தங்களுக்காக நின்றார் என்பது புதிய ஊழியர் மனத்தில் முதல் நாளே பதிகிறது. ஆனால் சொன்னபடி அந்த நோட்டு கல்லாவில் இருக்க வேண்டும், இரவில் அதைப் படிக்கவும் வேண்டும். படிக்கும்போது எழுதியவர் சொன்ன குறையைப் பேச வேண்டுமே தவிர, அந்த மேஜையைப் பார்த்த பையனை எழுப்பி நிறுத்தக் கூடாது. அப்படி ஒரு முறை நடந்தால், மறுநாள் முதல் நோட்டு கல்லாவிலிருந்து காணாமல் போகும்.

முடிவில் உருக்கம் தேவையில்லை, வழிகாட்டல் போதும். “பெரியவங்களும் குழந்தைங்களும் முதல் பந்தி. கை கழுவுற இடம் வலது பக்கம். காலை டிபன் எங்க விருந்து, பன்னிரண்டு மணியிலிருந்து வியாபாரம்.” இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லாமல் விட்டால், சாப்பிட்டவர் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று கல்லா முன் தயங்கி நிற்பார், கேஷியர் வாங்குவதா வேண்டாமா என்று முதலாளியைத் தேடுவார். சொல்லிவிட்டு முதலாளி மைக்கை வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். நன்றியுரை என்று இன்னொருவரை அழைத்தால் இட்லிக் கணக்கு கெட்டுவிடும்.

இன்னொரு பேச்சு மீதி இருக்கிறது. விழா நடந்த அதே நேரத்தில் கீழவாசல் கடை திறந்துதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பாதி ஆட்களோடு சமாளித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பந்தலையும் பார்க்கவில்லை, பேச்சையும் கேட்கவில்லை. முதலாளி அன்று இரவு கடை அடைக்கும் முன் அங்கே போய், விழா இனிப்பைத் தன் கையால் கொடுத்து, புதுக் கிளைக்குப் போன பத்துப் பேருக்குப் பதில் யார் எப்போது வருவார்கள், அதுவரை கூடுதல் நேரத்துக்கு என்ன கணக்கு, அடுத்த வாரம் யார் யார் எந்த நாளில் புதுக் கிளையைப் பார்க்கப் போகலாம் என்று சொல்ல வேண்டும். இதற்கு மைக் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். சரக்கு மாஸ்டர் அன்றைய சாம்பாரில் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்து, “அங்கே எப்படிண்ணே வந்துச்சு?” என்று கேட்பார். பருப்பு வேக எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை முதலாளி அவரிடம் சரியாகச் சொன்னால், மறுநாள் அதிகாலையில் புதுக் கிளைக்குப் பருப்பு இங்கிருந்தே வெந்து போவதா, அங்கே குடிநீர் லாரி சொல்வதா என்று இருவரும் முடிவு செய்துகொள்ளலாம்.